கோல் சுற்றுகிறது, பட்டை திரும்பவில்லை

"எங்கள் ஜன்னலில் அலுமினியப் பட்டை வைத்த வெனிஷியன் பிளைண்ட் இருக்கிறது. கோலைத் திருகினால் சும்மா சுற்றுகிறது, பட்டைகள் மூடியே கிடக்கின்றன. இப்போது கயிற்றை இழுத்தாலும் மேலே ஏறவில்லை. புதுசு வாங்கத்தான் வேண்டுமா?" - கொழிஞ்சாம்பாறை வாசகர்

வேண்டாம். பெரும்பாலும் இரண்டு சின்ன பாகங்களோடு போய்விடும். முதல் கோளாறுதான் இரண்டாவதைக் கொண்டுவந்திருக்கும் என்று நினைக்கிறேன். பட்டைகள் மூடிய நிலையில் கயிற்றை இழுத்தால், ஒவ்வொரு பட்டையின் துளை ஓரத்திலும் அது உரசி நூல் பிரியும். அந்தப் பஞ்சு மேலே போய், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கார்டு லாக்கில் அடைத்துக்கொள்ளும். அதனால் இனி பலமாக இழுக்காதீர்கள்.

பிளைண்டைக் கழற்றித் தரையில் வைத்து, மேல் பெட்டிக்குள் ஓடும் நீளத் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். பட்டைகள் திரும்பினால் தண்டும் பட்டைகளைத் தாங்கும் ஏணி நூலும் நன்றாக இருக்கின்றன, கோளாறு கோலின் சுற்றைத் தண்டுக்குக் கொண்டுபோகும், ஓரத்தில் இருக்கும் டில்ட்டரிலோ கோலிலோதான். அடுத்து கோலைச் சுற்றுங்கள். கோல் மாட்டியிருக்கும் கொக்கியும் கூடவே சுற்றினால் டில்ட்டருக்குள் பல் தேய்ந்துவிட்டது. கொக்கி அசையாவிட்டால் கோலின் முனைதான் உடைந்திருக்கிறது, கோலை மட்டும் மாற்றினால் போதும்.

டில்ட்டரை மாற்ற, தண்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால் அது விடுபட்டு வந்துவிடும். பழையதைக் கையோடு கோவையில் பிளைண்ட் விற்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். தண்டு செருகும் ஓட்டை அறுகோணமா, சதுரமா, 'டி' வடிவமா என்பது பொருந்தாவிட்டால் எதுவும் நடக்காது. புதியதைப் பூட்டும்போது பட்டைகள் படுக்கையாக, பாதி திறந்த நிலையிலும், டில்ட்டர் அதன் சுற்றின் நடுவிலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும்தான் முழுசாக மூடும்.

சரி, கார்டு லாக். உள்ளே சொரசொரப்பான ஒரு சின்ன உருளை சாய்வான பள்ளத்தில் ஏறி இறங்கும். கயிற்றைத் தளர்த்தினால் அது இறங்கிக் கயிற்றைக் கவ்வும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அதை மேலே தள்ளிக்கொண்டே கயிற்றை நகர்த்துங்கள். நகர்ந்தால் அடைப்புதான்: பிரஷ்ஷால் பஞ்சையும் தூசியையும் எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும், கயிறும் வழுக்கும். சுத்தம் செய்தபிறகும் பிளைண்ட் மெல்ல நழுவி இறங்கினால் உருளை வழவழவென்று தேய்ந்திருக்கும், லாக்கையே மாற்ற வேண்டும். கழற்றுமுன் கயிறு எந்த உருளைக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிந்த கயிற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய முனையோடு புதியதை நேருக்கு நேர் டேப்பால் ஒட்டி இழுத்தால் அதே வழியில் வந்துவிடும். தடிமன் பழையதைப் போலவே இருக்கட்டும், மெலிந்த கயிறை லாக் கவ்வாது. குழந்தைகள் இருந்தால் தொங்கும் முனைகளைச் சேர்த்து முடியாதீர்கள், கழுத்தில் மாட்டும் வளையமாகிவிடும். சுவரில் உயரமாக ஒரு கொக்கி அடித்துச் சுற்றிவையுங்கள்.

ஏணி நூல் பல இடங்களில் வெயிலில் மக்கி அறுந்திருந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள். அப்புறம், உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக அடிக்கும் மாதங்களில், ஜன்னல் திறந்திருக்கும்போது பட்டைகளைத் திறந்து பிளைண்டை மேலே ஏற்றியே வையுங்கள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் புது டில்ட்டரின் பல்லும் சீக்கிரம் போய்விடும்.