முள் பாதியைத் தாண்டினால் போதுமா?

"செவ்வாய்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம், நாலு கிளை. மாத விற்பனை இலக்கைக் காட்ட கேஜா, புல்லட் சார்ட்டா? முதலாளிக்கு கேஜ்தான் பிடித்திருக்கிறது."

இலக்குக் கோட்டை நோக்கி நீளும் பட்டையான புல்லட் சார்ட்டே போடுங்கள். கேஜ் என்பது வண்டி ஸ்பீடோமீட்டர் மாதிரி; நாலு கேஜ் என்றால் ஒவ்வொரு முள்ளாகப் பார்க்க வேண்டும். நாலு பட்டைகள் ஒரே அளவுகோலில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தால் எது குட்டை என்று கண்ணே சொல்லிவிடும்.

அதைவிட முக்கியம் தேதி. ஒரு கிளையின் இலக்கு 40 லட்சம், 18ஆம் தேதி வரை வந்தது 21 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கேஜ் முள் பாதியைத் தாண்டி நிற்கும், முதலாளிக்கும் திருப்தி. ஆனால் 30 நாள் மாதத்தில் அன்றைக்கு 24 லட்சம் வந்திருக்க வேண்டுமே! புல்லட்டில் பின்னணியை 24 வரை அடர்த்தியாக்கி, 40இல் குறுக்குக் கோடு போட்டால், பட்டை 3 லட்சம் பின்தங்கி நிற்பது பளிச்சென்று தெரியும். (தீபாவளி மாதம் என்றால் நாள் கணக்கில் சமமாகப் பிரிக்காதீர்கள், போன வருட தீபாவளி மாதம் விற்பனை ஏறிய விதத்தை எடுங்கள்.)

அப்புறம், எக்செல்லில் பின்னணியின் மேல் விழுவதற்காகப் பட்டையை இரண்டாம் அச்சில் வைப்பீர்கள். இரண்டு அச்சுக்கும் 0 முதல் 50 என்று நீங்களே பூட்டிவிடுங்கள். விட்டால் இரண்டும் வேறுவேறு அளவில் நீண்டு, 21 லட்சப் பட்டை 24ஐத் தாண்டியது போலக்கூடத் தெரியும்.