பூர்வீக வீட்டுப் பங்குக்கு வரி

"காரைக்குடிப் பூர்வீக வீட்டை விற்றதில் என் பங்கு 40 லட்சம். மதுரையில் வீடு வாங்கினால் வரி வராதாமே, 40 லட்சமும் போடணுமா?"

வேண்டாம்ணே, லாபத்தை மட்டும் போட்டால் போதும். பழைய வீடு என்பதால் வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பைக் கழிக்கலாம்; அன்று உங்கள் பங்கின் மதிப்பு 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் லாபம் 38 லட்சம். புது வீட்டில் 22 லட்சம்தான் போட்டால், மீதி 16 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 2 லட்சம் வரி, செஸ் தனி.

ஒரு கூரையை விட்டு இன்னொரு கூரைக்குப் போகிறவர் கையில் லாபம் தங்குவதில்லை என்பதுதான் இந்தச் சலுகையின் நியாயம். அதனால்தான் புது வீட்டை 3 வருஷத்துக்குள் விற்றால் சலுகை திரும்பிப்போகும்.

வாங்க 2 வருஷம், கட்ட 3 வருஷம் அவகாசம். ஆனால் பணத்தைச் சாதாரண வைப்பில் போட்டுவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். கணக்குத் தாக்கலின் கடைசித் தேதிக்குள் வீட்டுக்குச் செலவாகாத லாபத்தை வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்கு' திறந்து கட்டிவிடுங்கள்.