அறுவைச் சிகிச்சையே செய்துகொள்ளாதவரை அறுவைச் சிகிச்சைக் குழுவில் எண்ணுவது ஏன்?

கேள்வி: "ஆய்வின் நடுவில் குழு மாறியவர்களையும் மருந்தை நிறுத்தியவர்களையும் முதலில் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். அறுவைச் சிகிச்சையே செய்துகொள்ளாத ஒருவரை அந்தக் குழுவில் எப்படிச் சேர்ப்பது? ஆய்வின் நெறிமுறைப்படி சிகிச்சை பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் உண்மை தெளிவாகத் தெரியாதா?"

தெளிவாகத் தெரிவது போலத் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுக்கும் எனக்கு, இந்தக் கேள்விக்கு 1979இல் வெளிவந்த ஐரோப்பிய இதய அறுவைச் சிகிச்சை ஆய்வின் எண்களைக் காட்டுவதே வழக்கம்.

நெஞ்சுவலி உள்ள 768 ஆண்கள் அதில் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள்: 373 பேருக்கு மருந்து, 395 பேருக்கு பைபாஸ் அறுவைச் சிகிச்சை. மருந்துக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 50 பேர் பின்னர் பைபாஸ் செய்துகொண்டார்கள். பைபாஸுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 26 பேருக்கு அது நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்ந்த இறப்புகளை மூன்று விதமாகக் கணக்கிடலாம்.

ஒதுக்கிய குழுவிலேயே வைத்து எண்ணினால், அதாவது இன்டென்ஷன் டு ட்ரீட் முறையில், மருந்துக் குழுவில் 29 பேர் (7.8%), பைபாஸ் குழுவில் 21 பேர் (5.3%) இறந்திருக்கிறார்கள், p மதிப்பு 0.17 என்பதால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். குழு மாறியவர்களை இரு பக்கமும் நீக்கிவிட்டு, அதாவது பெர் புரோட்டோகால் முறையில் பார்த்தால், 323 பேரில் 27 பேர் (8.4%), 369 பேரில் 15 பேர் (4.1%) என்று ஆகி, p 0.018க்கு, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத அளவுக்கு, இறங்குகிறது. யார் எந்தச் சிகிச்சையைப் பெற்றாரோ அந்தக் கணக்கில் சேர்த்தால் 9.5%, 4.1% என்று இடைவெளி இன்னும் விரிந்து, p 0.003 ஆகிறது. நோயாளிகளும் இறப்புகளும் அதேதான். யாரை எங்கே வைத்தோம், யாரை விட்டுவிட்டோம் என்பது மட்டுமே மாறியது.

இப்போது அந்த 26 பேரைக் கவனியுங்கள். அவர்களில் 6 பேர், அதாவது 23%, இறந்திருக்கிறார்கள். தொடக்கம் முதல் மருந்திலேயே இருந்தவர்களின் 8.4%ஐப் போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே அவர்கள் ஏதோ தற்செயலாகக் குழு மாறியவர்கள் அல்லர். அறுவைச் சிகிச்சையைத் தாங்க மாட்டார் என்று மருத்துவர் கருதியவரும், தேதிக்குக் காத்திருக்கும்போதே இறந்தவரும் இப்படித்தான் "பைபாஸ் நடக்காதவர்" பட்டியலில் வந்து சேர்வார்கள். அவர்களை நீக்கினால் பைபாஸ் குழுவில் மட்டும் உடல்நிலை மோசமானவர்கள் குறைகிறார்கள். மருந்துப் பக்கம் அத்தகையவர்கள் அப்படியே இருக்கிறார்கள். குலுக்கல் நமக்குக் கொடுத்த சமநிலையை நாமே கலைத்துவிட்டு, அதன் விளைவைச் சிகிச்சையின் பலன் என்று எழுதிவிடுகிறோம்.

மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்களை நீக்குவதிலும் இதே சிக்கல் உண்டு. குளோஃபைப்ரேட் மருந்தைச் சோதித்து 1980இல் வெளிவந்த ஆய்வில், உட்கொள்ளச் சொன்ன அளவில் 80 சதவீதமோ அதற்கு மேலோ உட்கொண்டவர்களில் ஐந்தாண்டு இறப்பு 15.0%, குறைவாக உட்கொண்டவர்களில் 24.6%. மருந்தின் மகிமை என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெறும் போலி மாத்திரைக் குழுவிலும், ஒழுங்காக விழுங்கியவர்களில் 15.1%, மற்றவர்களில் 28.2%! அந்த மாத்திரையில் எதுவும் இல்லை. வேறுபாடு விழுங்கியவர்களிடம்தான் இருந்தது.

நீங்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒதுக்கியபடி எண்ணும்போது கிடைக்கும் விடை "இந்தச் சிகிச்சையைத் தருவது என்று முடிவெடுத்தால் என்ன நடக்கும்" என்பதற்கானது. "உண்மையில் செய்துகொண்டவருக்கு எவ்வளவு பலன்" என்பதற்கானது அன்று. பலர் குழு மாறினால் இரு குழுக்களும் ஒன்றையொன்று ஒத்துப்போய், இருக்கும் பலனும் மங்கிவிடும். புதிய மருந்து பழையதைவிட மோசமில்லை என்று காட்ட முயலும் ஆய்வுகளில் இந்த மங்கலே சாதகமாகிவிடும் என்பதால், அங்கு ஒதுக்கியபடியும் பெர் புரோட்டோகால் முறையிலும் கணக்கிட்டு, இரண்டும் ஒரே முடிவைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, ஆய்வேடுகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது. மருந்தை நிறுத்தியவரிடம் தொடர்பையும் நிறுத்திவிட்டு, கடைசியில் "ஒதுக்கியபடி எண்ணினோம்" என்று எழுதுவார்கள். அட்டவணையைப் பார்த்தால், ஒதுக்கியது 60 பேர், சதவீதத்துக்கு வகுத்திருப்பது 51ஆல். விளைவே தெரியாதவரை எந்தக் குழுவில் வைத்தும் எண்ண முடியாது. மருந்தை விட்டவரையும் கடைசி நாள் வரை தொலைபேசியிலாவது பின்தொடர்ந்து, அவருடைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும். அப்படியும் கிடைக்காத சிலருக்கு, அவர்கள் எல்லோரும் குணமடைந்திருந்தால் என்ன, எவருமே குணமடையாதிருந்தால் என்ன என்று இரு விதமாகவும் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.