ஃபேன் மோட்டார்தான் போய்விட்டதா? ஸ்கேனரில் ஓட வைத்துப் பார்ப்பது எப்படி

கேள்வி: சிக்னலில் நின்றால் என் காரில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஏசியும் குளிர்வதில்லை. வண்டி ஓடும்போது சரியாகிவிடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது. அதில் ஃபேனை ஓட வைத்துப் பார்த்து உறுதி செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஸ்கேனர் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு மல்டிமீட்டரும் வேண்டும்.

முதலில் ஸ்கேனர் எந்த வகை என்று பாருங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி அடாப்டர்கள் பெரும்பாலும் எரர் கோடு படிக்கவும் அழிக்கவும் மட்டுமே உதவும். பாகங்களை இயக்க, உங்கள் கார் கம்பெனியின் தனிக் கட்டளைகள் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். மெனுவில் `Active Test` அல்லது `Actuation Test` என்று இருக்கும். அதற்குள் `Radiator Fan` இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் லோ, ஹை என்று இரண்டு வேகத்துக்கும் தனித்தனியாக இருக்கும்.

இஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, சாவியை ஆஃப் செய்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தாலோ கரகரவென்று உரசினாலோ அதுவே பாதி பதில். அப்புறம் கையை எடுத்துவிட்டு சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள், இஞ்சின் ஓட வேண்டாம். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, மீட்டர் வயர் எதுவும் ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது. இனி ஃபேன் எந்த நேரமும் சுற்றலாம்.

இப்போது ஸ்கேனரில் `ON` கொடுங்கள். திரையில் `ON` என்று மாறிவிடும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த வார்த்தைக்கு, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ கட்டளை கொடுத்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். ஃபேன் சுற்றியதா என்பது ஈசியூவுக்கே தெரியாது. கண்ணால் ஃபேனையும், காதால் ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலேயின் டிக் சத்தத்தையும் கவனிக்க வேண்டியது நாம்தான்.

ஃபேன் ஜம்மென்று சுற்றினால் மோட்டாரை உடனே குற்றம் சொல்ல முடியாது. மோட்டார், ரிலே, ஃபியூஸ், வயர் எல்லாம் அந்த நேரத்துக்குச் சரியாக இருக்கின்றன. அப்படியானால் ஃபேனைப் போடச் சொல்லும் தகவல் ஈசியூவுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கூலண்ட் சென்சாரையும் ஏசி பிரஷர் சென்சாரையும் லைவ் டேட்டாவில் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு முறை சுற்றியதோடு விட்டுவிடாதீர்கள். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சில நேரம் ஓடும், சில நேரம் அடம் பிடிக்கும். `ON`, `OFF` என்று பல முறை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு மோட்டார் சூடான பிறகும் கொடுங்கள். ஒரு முறை கிளம்பாமல் நின்று, `OFF` கொடுத்து மோட்டார் உடம்பை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டி மறுபடி `ON` கொடுத்தால் கிளம்புகிறதா? மோட்டாரை மாற்ற அது போதுமான காரணம்.

ஃபேன் சுற்றவில்லை, ரிலேயில் டிக் சத்தமும் இல்லை என்றால், ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதற்கு வரும் சப்ளை, ஈசியூவிலிருந்து வரும் வயர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஃபியூஸ் பாக்ஸில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சுலபமான வழி. இன்னொன்று: இரண்டு வேக ஃபேன் சிலவற்றில் லோ வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும். ஹை கட்டளையில் நன்றாக ஓடி, லோ கட்டளையில் மட்டும் ஓடாவிட்டால் ரெசிஸ்டரையும் லோ ரிலேயையும் பாருங்கள். மோட்டாரைத் தொட வேண்டாம்.

டிக் சத்தம் வருகிறது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை. உங்கள் நிலைமை பெரும்பாலும் இதுவாக இருக்கும் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

மோட்டார் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்து "12 வோல்ட் வருது, அப்ப மோட்டார்தான் போச்சு" என்று சொல்வது பட்டறைகளில் சகஜம். இது தப்பான சோதனை. கழற்றிய சாக்கெட்டில் கரன்ட் ஓடாது. துருப்பிடித்த வயரும் கரன்ட் ஓடாதவரை மீட்டரில் முழு வோல்டேஜையே காட்டும். சாக்கெட்டை மாட்டியபடியே, அதன் பின்பக்கம் மெல்லிய பின் செருகி, ஸ்கேனரில் `ON` கொடுத்த நிலையில் அளக்க வேண்டும்.

ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஃபேன் ஆன் கட்டளையில் இருக்கும்போது பேட்டரி 12.3 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் மோட்டாரின் பிளஸ் பின்னைத் தொட்டால் 11.8. வரும் வழியில் அரை வோல்ட்தான் குறைகிறது, பரவாயில்லை. அடுத்து மோட்டாரின் மைனஸ் பின்னைத் தொட்டால் 5.1. இங்கே பூஜ்யத்தை ஒட்டி, 0.2 அல்லது 0.3-க்குள் வந்திருக்க வேண்டும். ஆக மோட்டாருக்குக் கிடைப்பது 11.8-இலிருந்து 5.1 போக 6.7 வோல்ட்தான். பாடியில் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது, அல்லது எர்த் வயர் நைந்திருக்கிறது. புது மோட்டார் போட்டாலும் அதே கதைதான். போல்ட்டைக் கழற்றி, உப்புக்காகிதத்தால் தேய்த்து இறுக்கிவிட்டு, மறுபடி `ON` கொடுத்து அளக்க வேண்டும்.

அதுவே பிளஸ் பின்னில் 12.2, மைனஸ் பின்னில் 0.0 என்று வந்து, அப்படியும் ஃபேன் அசையவில்லை என்றால் மோட்டார்தான் குற்றவாளி. பிரஷ் தொடாமல் உள்ளே சர்க்யூட் அறுந்திருக்கும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் (டிசி அளக்கும் வகை) கரன்ட் பூஜ்யம் என்று காட்டும். மோட்டார் இறுகிப்போயிருந்தால் நேர்மாறாக, கரன்ட் எக்கச்சக்கமாக ஏறி ஃபியூஸ் எரியும். அந்த நிலையில் கட்டளையைச் சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள், வயர் சூடாகிவிடும்.

இந்த முடிவிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மோட்டார் உள்ளே அறுந்திருந்தால் கரன்ட் ஓடவில்லை, அதனால் எர்த் வயர் மோசமாக இருந்தாலும் 0.0 என்றே காட்டும். எனவே புது மோட்டார் மாட்டியதும் `ON` கொடுத்து அதே இரண்டு பின்களையும் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். பழைய மோட்டார் மறைத்து வைத்திருந்த கோளாறு அப்போது தெரிந்துவிடும்.

சில புது மாடல்களில் ரிலே கிடையாது. ஃபேனோடு ஒரு கன்ட்ரோல் மாட்யூல் இருக்கும், ஈசியூ அதற்குத் துடிப்பு சிக்னல் அனுப்பி வேகத்தைச் சதவீதத்தில் மாற்றும். அங்கே ஸ்கேனரில் 30, 60, 90 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். மாட்யூலுக்கு முழு சப்ளையும் எர்த்தும் சிக்னலும் வந்தும் ஃபேன் ஓடவில்லை என்றால், கோளாறு மாட்யூலில் இருக்கலாம், மோட்டாரில் இருக்கலாம். பல வண்டிகளில் இரண்டும் ஒரே செட்டாகத்தான் கிடைக்கும் என்பதால் பிரித்துத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கடைசியாக, `Active Test`-ஐ மூடிவிட்டு, ஏசி போடாமல் இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு லைவ் டேட்டாவில் கூலண்ட் சூட்டைப் பாருங்கள். ஸ்கேனர் கட்டளை சென்சாரைக் கேட்காமல் நேராக ஃபேனை ஓட்டுகிறது. அதனால் சென்சார் கோளாறு அதில் சிக்காது. பல பெட்ரோல் கார்களில் 95 முதல் 100 டிகிரி வாக்கில் ஃபேன் தானாகக் கிளம்ப வேண்டும். அதையும் தாண்டி 105-ஐ நெருங்கினால் காத்திருக்காமல் இஞ்சினை அணைத்துவிடுங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்.