ஆண்டு விழா உரையை மூன்று நிமிடத்தில் முடிக்க

"அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. ஆண்டு விழாவில் எனக்கு மூன்று நிமிடம்தான். எழுதியதோ நாலு பக்கம். எதை வெட்டுவது?"

மேடம், முதலில் விருந்தினர் பெயர் வரிசையை வெட்டுங்கள். அதை வரவேற்புரை சொல்பவர் பார்த்துக்கொள்வார். தேர்ச்சி விவரம், கட்டட வேலை எல்லாம் ஆண்டறிக்கைக்குப் போகட்டும். மேடையில் நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 250 சொல் தாராளம்.

மிச்சமிருப்பதில் ஒரே ஒரு பிள்ளையின் கதை போதும். இப்படித் தொடங்கலாம்:

"அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதம் ஒரு மாணவி வாசிக்க எழுந்தாலே அழுதுவிடுவாள். பக்கத்து இருக்கைத் தோழி தினமும் மதிய உணவுக்குப் பிறகு அவளோடு ஒரு பத்தி வாசித்தாள். போன வாரம் காலை வழிபாட்டில் செய்தி வாசித்தது அந்த மாணவிதான். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்."

உங்கள் பள்ளியில் உண்மையாக நடந்ததையே சொல்லுங்கள், பெயர் வேண்டாம். ஆனாலும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் முன்பே கேட்டுவிடுங்கள். "இறுதியாக" என்ற சொல்லை ஒரு முறைக்கு மேல் சொன்னால் பின்வரிசை சிரிக்கும், அனுபவம்!