பள்ளிக் கட்டணத்துக்காக ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்தலாமா?

"எனக்கு 43, மனைவிக்கு 41. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. ஐந்து வருடம் ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்திவிட்டு, பிறகு தொடரலாமா?"

முழுதாக நிறுத்தாதீர்கள். பாதியாகக் குறைக்கலாம்.

இப்போது மாதம் 10,000 போடுகிறீர்கள், ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 வயதில் சுமார் 43 லட்சம் சேரும். முதல் ஐந்து வருடம் விட்டால் 24 லட்சம்தான். நீங்கள் போடாமல் விட்டது 6 லட்சம், இழப்பதோ 19 லட்சம். முதலில் போடும் பணத்துக்குத்தான் வளர அதிகக் காலம் கிடைக்கிறது. அதே 43 லட்சத்தை எட்ட 48 வயதிலிருந்து மாதம் 18,000 போட வேண்டும். அப்போது கல்லூரிச் செலவும் வந்து நிற்கும் என்பதால், "பிறகு தொடரலாம்" என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. ஐந்து வருடம் 5,000 போட்டு வந்தால், பிறகு 14,000 போதும்.

இன்னொரு சிக்கல், கட்டணம் மொத்தமாக வருவது. இந்த வருடம் 2,40,000 என்றால், 10 சதவீத உயர்வையும் சேர்த்து அடுத்த வருடத்துக்கு 2,64,000 எனக் கணக்கிட்டு, மாதம் 22,000 தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். கட்டணம் கட்டும் மாதத்தில் கிரெடிட் கார்டையோ ஓய்வு நிதியையோ தொட நேர்ந்தால், அந்தப் பள்ளி உங்கள் வருமானத்துக்கு மீறியது. கல்விக்குக் கடன் கிடைக்கும். ஓய்வுக்காலச் செலவுக்கு அப்படிக் கிடைப்பது அரிது.