கத்தித் தீர்த்த பிறகு மனதுக்குள் சொல்லிக்கொள்ள

கேள்வி: காலையில் ஷூ போட மாட்டேன் என்று ஏழு வயது மகள் அடம்பிடித்தாள். "உன்னாலதான் தினமும் லேட்டு, உனக்கு ஒண்ணுமே உருப்படியா வராது" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே போனாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. அந்த நேரத்தில் மனதை அமைதிப்படுத்துகிற மாதிரி, பொறுமையைப் பற்றிய நல்ல வாசகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: வாசகங்களுக்குப் பஞ்சமில்லை. எதை எப்போது சொல்லிக்கொள்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். "பொறுத்தார் பூமி ஆள்வார்", "பொறுமை கடலினும் பெரிது" என்பவை எல்லாம் நிதானமாக இருப்பவருக்குப் பிடிக்கும். கத்தி முடித்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது பூமியை ஆளும் பேச்சு காதில் ஏறாது. போதாக்குறைக்கு, 'என்னிடம் அந்தப் பொறுமை இல்லையே' என்று இன்னொரு குத்தும் விழும்.

முதல் சில நிமிடங்களுக்கு ஆத்திசூடியின் இரண்டு சொற்கள் போதும்: "ஆறுவது சினம்." சின்ன வயதில் மனப்பாடம் செய்ததால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. ஔவையார் கோபமே வரக்கூடாது என்று சொல்லவில்லை. வந்தது ஆறவேண்டியது, அவ்வளவுதான். கொதித்த பாலை இறக்கி வைத்தால் தானே ஆறுகிற மாதிரி. அடுப்பை அணைக்காமல் ஆறு, ஆறு என்றால் ஆறாது. இங்கே அடுப்பை அணைப்பது என்றால் வாயை மூடுவது. விளக்கம் கொடுக்க, நியாயம் சொல்ல, உடனே மன்னிப்புக் கேட்கக்கூட அந்த நிமிடத்தில் வாயைத் திறக்காதீர்கள். கோபத்தின் மிச்சம் குரலில் இருக்கும். சொற்களை விடக் குரலைத்தான் குழந்தை முதலில் கேட்கும்.

சொல்லும் விதமும் முக்கியம். மூச்சை இயல்பாக உள்ளே இழுங்கள். வெளியே விடும்போது "ஆறுவது சினம்" என்று மனதுக்குள் இழுத்துச் சொல்லுங்கள். உள்ளே போகும் மூச்சை விட வெளியே வரும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூச்சு வெளியேறும்போதுதான் இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. ஐந்தாறு முறை செய்தால் தோள் தளர்வதையும் பற்களின் இறுக்கம் விடுவதையும் உணர்வீர்கள். அது வரவில்லை என்றால் இன்னும் ஆறவில்லை. வேறு அறைக்குப் போங்கள், ஆனால் "இதோ அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் தன்னை விட்டுவிட்டுப் போவதாகக் குழந்தை நினைக்கும்.

இப்படிப் பழைய சொல் ஒன்றைச் சொல்லிக்கொள்வது ஏன் உதவுகிறது? ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மனதுக்குள் பேசும்போது 'நான், நான்' என்று பேசுவதை விடத் தன்னையே பெயர் சொல்லியோ 'நீ' என்றோ அழைத்துப் பேசுபவர்கள் நெருக்கடியை நிதானமாகக் கையாள்வதைக் கண்டார்கள். பழமொழியிலும் 'நான்' கிடையாது. வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். அந்தச் சிறு இடைவெளியே போதும் என்பது என் எண்ணம்.

இந்த நேரத்தில் தானாக நினைவுக்கு வரும் இரண்டு வாசகங்களை ஒதுக்கி வையுங்கள். ஒன்று, "அடிக்கிற கைதான் அணைக்கும்." மனதுக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்களுக்குச் சமாதானம் சொல்கிறது, மகளுக்கு அல்ல. இன்னொன்று வள்ளுவர் சொன்னது: "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு." இது நாக்கு அசைவதற்கு முன் நினைக்க வேண்டிய குறள். கத்தி முடித்தவர் இதைச் சொன்னால் 'ஆறாதே' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்வார். இனி என்ன செய்து என்ன என்று குழந்தையிடம் போகாமலே இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக மூதுரையின் ஒரு வெண்பாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"கற்பிளவோ டொப்பர் கயவர் கடுஞ்சினத்துப்
பொற்பிளவோ டொப்பாரும் போல்வாரே - விற்பிடித்து
நீர்கிழிய எய்த வடுப்போல மாறுமே
சீரொழுகு சான்றோர் சினம்."

கோபத்தால் விழும் பிளவு மூன்று வகை என்கிறது பாட்டு. கல் பிளந்தால் ஒட்டாது. பொன் பிளந்தால், ஒருவர் உருக்கி ஒட்டினால் சேரும். அம்பு கிழித்த நீர் அடுத்த கணமே மூடிக்கொள்ளும். பெற்றோர் பலர் மகள் பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டாள் என்றதும் இது நீர்தான், மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டுகிறார்கள். பாட்டில் நீருக்கு ஒப்பிட்டது சான்றோரின் சினத்தை, திட்டு வாங்கியவரின் மனதை அல்ல. நாம் சான்றோரும் இல்லை, கயவரும் இல்லை. நம்முடையது பொற்பிளவு. தானாகச் சேராது, ஒட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரியவர்தான்.

உங்கள் விஷயத்தில் பொறுமை இழந்ததை விட, "உனக்கு ஒண்ணுமே வராது" என்ற சொல்தான் பிளவு. ஆகவே அந்தச் சொல்லைத்தான் திரும்ப எடுக்க வேண்டும். மாலையில் அவள் வந்து கொஞ்ச நேரம் ஆனதும், அவள் உயரத்துக்கு உட்கார்ந்து இப்படிச் சொல்லலாம்: "காலையில உன்கிட்ட ரொம்பச் சத்தம் போட்டுட்டேன். உனக்கு ஒண்ணுமே வராதுன்னு சொன்னேன்ல, அது உண்மை இல்ல. நான் அப்படிச் சொன்னது தப்பு." அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா நீயும் ஷூ போட்டிருக்கணும்ல" என்று தொடர்ந்தால் ஒட்டியது மறுபடி விரியும். ஷூ பேச்சைத் தனியாக, இரவில் வைத்துக்கொள்ளலாம். 'காலையில் எது கஷ்டமாக இருக்கிறது' என்று கேட்டால், சில நேரம் சாக்ஸ் தையல் உறுத்துகிறது என்பது போன்ற சாதாரணக் காரணம் வெளியே வரும்.

நீங்கள் பேசியதும் அவள் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போனால் நல்லது. "பரவாயில்ல, அழாதீங்க" என்று உங்களைத் தேற்ற ஆரம்பித்தால் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்கள் குற்ற உணர்வைச் சுமக்க அவளுக்கு வயது போதாது.

அவள் தூங்கிய பிறகு, மனம் தெளிந்திருந்தால், இந்தக் குறளை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்." கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அதை அடக்குபவர்தான் உண்மையில் அடக்குபவர். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன. அன்றைக்கு மேலதிகாரியிடம் விழுங்கிய கோபம் எது, மகளிடம் கொட்டியது எது என்று யோசித்தால் விடை சங்கடமாக இருக்கலாம். காலையிலேயே இதை நினைத்தால் சாட்டையாகிவிடும், அதனால்தான் இரவுக்கு வைத்தேன்.

வாசகங்களுக்கு ஓர் எல்லை உண்டு. கோபம் அடியாக மாறுகிறது, வாரத்தில் பல நாள் இதே கதை, அல்லது நீங்கள் கையைத் தூக்கினாலே குழந்தை தலையைச் சாய்த்து ஒதுங்குகிறாள் என்றால், குழந்தை மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ நேரில் பாருங்கள். உங்கள் தூக்கம், வேலைச்சுமை எப்படி இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.